பத்துக்குப் பத்து வீட்டில் பண்டிகை வாசனை: நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் சரஸ்வதி பூஜை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, செருப்பைக் கழற்றும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "இன்னாம்மா, படிக்கட்டு வரைக்கும் நெடி அடிக்குது" என்றார். எனக்கோ எந்த வாசனையும் தெரியவில்லை. தெரியவில்லையே என்றுதான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு ஊதுவத்தி ஏற்றியிருந்தேன். அத்தையின் பேரனுக்கு வீசிங் உண்டு. அவன் உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கினான். பூஜை முடியும்வரை அவனை வெளி வராந்தாவிலேயே உட்காரவைக்க வேண்டியதாகிவிட்டது. அது எனக்கு இன்றுவரை வருத்தம்.

அன்றைக்கு ஹாலில் என்னவெல்லாம் இருந்தது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணி, ஆறு ஊதுவத்தி, தட்டு நிறையக் கற்பூரம், நான்கு முழம் மல்லி, சம்பங்கி மாலை ஒன்று, மூலையில் லாவெண்டர் எண்ணெய் விட்ட டிப்யூசர். ஹால் பத்தடிக்குப் பத்தடி. கொசு வரும் என்று இருக்கிற ஒரே ஜன்னலையும் சாத்தியிருந்தேன்.

இதில் முதல் தவறு, உள்ளே இருக்கிறவர் தன் மூக்கை நம்பியது. ஒரே வாசனைக்குள் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். வாசனை குறையாது, நமக்குத்தான் தெரியாமல் போகும். "மணமே இல்லையே" என்று இன்னொன்று ஏற்றுவோம், அதுவும் பழகிவிடும். இதற்கு ஒரே வழி, தெருவுக்கு இறங்கி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வருவது. வாசற்படியில் கால் வைக்கும்போது என்ன வாசனை வருகிறதோ அதுதான் விருந்தாளிக்குத் தெரியும் வாசனை. கண் எரிந்தாலோ, தொண்டை கமறினாலோ, எது எந்த வாசனை என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலோ அளவு தாண்டிவிட்டது.

அடுத்த தவறு, புகையை விருந்தாளி வரும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது. சாம்பிராணியின் நல்ல மணம் புகையில் இல்லை, புகை கலைந்த பிறகு துணியிலும் சுவரிலும் தங்குவதில் இருக்கிறது. அதனால் ஆட்கள் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்துப் போட்டு முடித்துவிடுங்கள். கொட்டாங்கச்சிக் கரியில் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறார்கள். கரி கறுப்பாக இருக்கும்போதே தூளைத் தூவினால் வருவது கரிப்புகை நாற்றம்தான். கங்கு சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் பூத்த பிறகு கால் டீஸ்பூன் போதும். கைநிறைய அள்ளிப் போட்டால் தீப்பிடித்துக் கரும்புகை வரும். கங்கு இருக்கிற தூபக்காலை மூடின அறைக்குள் விட்டுவிட்டுப் படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். தலை ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும், அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குப் புகை தேவையில்லை.

ஊதுவத்தி விஷயம் சுலபம். சின்ன ஹாலுக்கு ஒன்று போதும், அதையும் பாதியாக உடைத்து ஏற்றலாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சாம்பல் பறக்கும், சீக்கிரம் எரிந்தும் போகும்.

கற்பூரத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் சாமி அலமாரி பெரும்பாலும் சமையற்கட்டில், சிலிண்டருக்கு இரண்டடி தள்ளித்தான் இருக்கும். கேஸ் வாடை லேசாக வந்தாலும் தீக்குச்சியைத் தொடாதீர்கள். கற்பூரச் சுடர் கரி கக்கும். அலமாரியின் மேல் தட்டு கறுத்திருந்தால் அது இத்தனை வருஷத்துக் கற்பூரக் கரி. கற்பூரத் தட்டைக் கையில் எடுத்து அலமாரிக்கு வெளியே காட்டுங்கள், அரைக் கட்டி போதும். நல்ல கற்பூரம் தட்டில் மிச்சம் வைக்காமல் எரிந்துவிடும். மெழுகு மாதிரி ஏதாவது உறைந்து நின்றால் கலப்படம், அந்தப் பாக்கெட்டை இனி வாங்காதீர்கள். இன்னொன்று, கற்பூரம் கற்கண்டு போலவே இருக்கும். குழந்தை ஒரு கட்டியை விழுங்கினாலே வலிப்பு வரலாம். அப்படி ஆனால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பூவில் நாம் மறப்பது நேரத்தை. பாரிமுனைப் பூக்கடையில் காலையில் வாங்கும் மல்லி மொட்டாக இருக்கும், வாசனை லேசாகத்தான் தெரியும். போதாது என்று இரண்டு முழம் கூட வாங்குவோம். சாயங்காலம் மொட்டு விரியும்போதுதான் அதன் மணம் ஏறும், இரவு இன்னும் கனக்கும். இரண்டு முழம் மல்லி எங்கள் ஹாலுக்குத் தாராளம். சம்பங்கியும் இரவில் வலுக்கிற பூ, அதனால் இரண்டில் ஒன்று போதும். படத்துக்குச் சாமந்தி போட்டு, ஓரத்தில் ஒரு கொத்து மரிக்கொழுந்து வைத்தால் மல்லியோடு சண்டை போடாது. உருளியில் பூ மிதக்கவிடுகிறவர்கள் தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். மறுநாள் அழுகின வாடை அதிலிருந்துதான் வரும், அதை மறைக்கத்தான் நாம் இன்னொரு ஊதுவத்தி ஏற்றுவோம்.

வாசனை எண்ணெயைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது: விளக்கில் ஊற்றாதீர்கள். அது சீக்கிரம் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. மணம் சுடரிலேயே கருகிவிடும், மிஞ்சுவது புகைதான். பழைய கொசுவிரட்டி பாட்டிலில் கற்பூரமும் எண்ணெயும் நிரப்பிச் செருகுவதும் அந்தக் கருவிக்கு ஏற்றதல்ல. ஒரு கிண்ணம் வெந்நீரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் மூன்று சொட்டு விட்டால் மீன் குழம்பு வாடை மட்டுப்படும். பூவும் சாம்பிராணியும் இருக்கிற நாளில் அதுகூட வேண்டாம். வீட்டில் பூனையோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் எண்ணெயே வேண்டாம். பூனையின் ஈரலால் இந்த எண்ணெய்களைச் சரியாக வெளியேற்ற முடியாது, பறவைக்கு நுரையீரல் ரொம்ப மென்மை.

அதற்கப்புறம் வந்த பொங்கலுக்கு நான் செய்தது இது. விருந்தாளிகள் வருவதாகச் சொன்னது ஆறரை மணி. மூன்றரைக்குச் சமையற்கட்டைத் துடைத்து, சிங்க்கில் வெந்நீர் ஊற்றி, குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். பழைய வாடை மேல் புது வாசனை ஏற்றினால் இரண்டும் கலந்துதான் வரும். நாலரைக்குச் சாம்பிராணி, ஜன்னல் கதவு எல்லாம் திறந்தபடி, பத்து நிமிடம். அப்புறம் கங்கில் தண்ணீர் தெளித்து வெளியே வைத்துவிட்டேன். கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, ஐந்தரைக்குள் புகை போய்விட்டது. அதன்பின் கொசுவுக்காகத் திரையை மட்டும் இழுத்துவிட்டேன். ஆறுக்கு ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லியை எடுத்துப் படத்துக்குச் சாத்திவிட்டு, தெருமுனை வரை நடந்து திரும்பினேன். வாசலில் மல்லியும், அதற்குப் பின்னால் லேசாகச் சாம்பிராணியும் தெரிந்தன. ஊதுவத்தி ஏற்றவில்லை. ஏழுக்கு அரைக் கட்டி கற்பூரம் காட்டினேன். அத்தையின் பேரன் பூஜை முடியும்வரை ஹாலிலேயே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி படுக்கும் முன் மல்லியை எடுத்து வராந்தாக் கொடியில் போட்டேன், மூடின அறையில் விடியும்வரை அந்த மணம் தலைவலி தரும்.