வலது ஓரத்தில் எப்போதும் இறங்கும் கோடு: நாள்வாரி எண்ணிக்கைப் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-இல் ஸ்வீடனின் பொதுச் சுகாதார முகமை கோவிட் இறப்புகளை, ஒவ்வொருவரும் இறந்த தேதியின் கீழ் எண்ணி, பட்டைகளாக வெளியிட்டது. தொற்று ஏறிக்கொண்டிருந்த நாட்களிலும் அந்தப் படத்தின் வலது ஓரம் இறங்குவதுபோலவே தெரிந்தது. தரவில் பொய் எதுவும் இல்லை. நேற்று இறந்தவர்களில் பலருடைய தகவல் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதன்மேல் ஏழு நாள் சராசரிக் கோட்டைக் கடைசி நாள்வரை இழுப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. ஒரு கற்பனைக் கணக்கு: தினமும் சரியாக 70 பேர் இறக்கிறார்கள், ஏற்றமும் இறக்கமும் இல்லை. இன்றைய இறப்புகளில் 10 விழுக்காடுதான் இன்றே பதிவாகின்றன; நேற்றையதில் 40, அதற்கு முந்தைய நாட்களில் 60, 80, 90, ஐந்து நாள் பழையதில் முழுதும். அப்படியானால் கடைசி ஏழு பட்டைகள் 70, 70, 63, 56, 42, 28, 7. இவற்றின் சராசரி 48. கோட்டின் கடைசி ஆறு புள்ளிகள் 70, 69, 67, 63, 57, 48 என்று வழவழப்பாகச் சரியும். பட்டைகள் மட்டும் இருந்தால் 7 என்ற குட்டைப் பட்டையைப் பார்த்து வாசகர் சந்தேகப்படுவார். சராசரிக் கோடு அந்தச் சந்தேகத்தையும் துடைத்துவிடுகிறது. அதனால்தான் இது மோசம்.

எத்தனை நாளை நிறைவடையாதவை என்று ஒதுக்குவது? ஊகிக்க வேண்டாம். தினமும் வரும் கோப்பை அப்படியே தேதியிட்டுச் சேமியுங்கள். பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டால் இந்தக் கணக்கே போடமுடியாது. ஒவ்வொரு இறப்புத் தேதிக்கும் 1, 2, 3 நாள் கழித்து இருந்த எண்ணிக்கையை, 30 நாள் கழித்து இருந்ததோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான தேதிகள் 95 விழுக்காட்டைத் தாண்டும் நாள்தான் உங்கள் எல்லை. வெறும் நடுவளவை எடுத்தால் பாதித் தேதிகள் அப்போதும் குறையாகவே இருக்கும். நீண்ட விடுமுறைகளில் எல்லையை இன்னும் தள்ளிவைக்க வேண்டும். பிரிட்டன் அரசின் கோவிட் தளம் கடைசி ஐந்து நாட்களை நிறம் மங்கச் செய்து, நிறைவடையாதவை என்று குறித்தது. பட்டைகளை மறைக்காமல் காட்டியதும் சரி, மங்கலாக்கியதும் சரி.

நிரலில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கடைசி ஐந்து வரிசைகளை வெட்டுகிறோம் என்று நினைப்போம். ஆனால் இன்றைக்கு ஒரு பதிவுகூட வராவிட்டால் கடைசி வரிசை நேற்றாகிவிடும், வெட்டும் ஒரு நாள் கூடிவிடும். ஆகவே முதலில் கோப்பு வந்த தேதிவரை நாட்காட்டியை நிரப்பிவிட்டு வெட்டுங்கள். கீழே பைத்தானின் pandas நிரலில் `deaths` என்பது இறந்த தேதிவாரி எண்ணிக்கை, `snapshot` என்பது கோப்பு வந்த தேதி:

```python
days = pd.date_range(deaths.index.min(), snapshot)
full = deaths.reindex(days, fill_value=0)
avg = full.iloc[:-5].rolling(7).mean()
```

பட்டைகளுக்கு `full`, கோட்டுக்கு `avg`. சராசரியை நடு நாளில் வைக்க `center=True` சேர்த்தால் கோடு இன்னும் மூன்று நாள் முன்பே நிற்கும். அந்த இடைவெளி உறுத்துகிறதென்று `min_periods=1` போட்டு நீட்டாதீர்கள்: ஓரத்தில் அது நான்கு நாள் சராசரியாகிவிடும், வார இறுதிகளில் எண்ணிக்கை தாழும் குழி திரும்பவும் தலைகாட்டும். இங்கே 0 நிரப்புவது தனித்தனி இறப்புப் பதிவுகளை எண்ணும்போதுதான் சரி. தினசரி அறிக்கையே வராத நாளுக்கு 0 போட்டால் அது பொய்; வெற்றாக விடுங்கள்.

அறிவித்த தேதிப்படி வரைந்தால் ஓரம் சரியாது, ஆனால் வேறு வினை வரும். 2021 ஜூனில் பீகார் விடுபட்டிருந்த 3,951 இறப்புகளை ஒரே நாளில் சேர்த்தது. ஜூன் 10 அன்று இந்தியாவின் எண்ணிக்கை 6,148 என்று வெளியானது. 3,951-ஐ ஏழால் வகுத்தால் சுமார் 564. கோடு அவ்வளவு உயரம் எகிறி, ஏழு நாள் மேசைபோல நின்று, எட்டாம் நாள் பொத்தென்று விழும். அந்த வீழ்ச்சியை நல்ல செய்தி என்று எழுதியவர்களும் இருப்பார்கள். இறந்த தேதிகள் கிடைத்தால் அந்தந்த நாளில் சேர்த்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மொத்தத்தில் வைத்துக்கொண்டு, சராசரியிலிருந்து மட்டும் விலக்கி, அந்த நாளின் பட்டைமேல் எண்ணோடு குறிப்பெழுதுங்கள்.

குறைந்த பட்டைகளை விழுக்காட்டால் வகுத்து உயர்த்திக் காட்டும் ஆசையும் வரும். 10 விழுக்காடு மட்டுமே வந்த நாளில் 7-ஐ 0.1-ஆல் வகுத்தால் 70. இரண்டு பதிவு கூடுதலாக வந்திருந்தால் 90. அவ்வளவு ஆட்டம் காணும் எண்ணைத் தனி நிறத்தில், மேல் கீழ் எல்லைகளோடு, மதிப்பீடு என்று எழுதித்தான் காட்டலாம். உண்மைப் பட்டையோடு கலக்கக் கூடாது.

எல்லை சரியா என்று சோதிக்க, ஒரு மாதம் முந்தைய கோப்பிலிருந்து வரைந்த கோட்டை இன்றைய கோப்பின் கோட்டோடு ஒரே படத்தில் வையுங்கள். பழைய கோட்டின் நுனி புதியதற்குக் கீழே தொங்கினால், இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக வெட்டவேண்டும்.