ஸ்லைட் தொகுப்பிலிருந்து கூட்ட அழைப்புக் குறிப்பை எழுதுவது எப்படி?

ஸ்லைட் தலைப்புகளை வரிசையாக ஒட்டிவிட்டு அதற்கு 'நிகழ்ச்சி நிரல்' என்று பெயர் வைப்பதுதான் பலரும் செய்வது. அதை வாசிப்பவருக்கு எதைத் தயார் செய்துகொண்டு வருவது என்று விளங்காது. உதாரணத்துக்கு, புறக்கோட்டையில் இருக்கும் களஞ்சியத்தை வத்தளைக்கு மாற்றுவது பற்றி 18 ஸ்லைட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கடைசியிலிருந்து வாசியுங்கள். என்ன முடிவு வேண்டும் என்பது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். நம் தொகுப்பில் 16ஆம் ஸ்லைட் 'வத்தளைக்கு மாறலாம்' என்கிறது. ஆனால் அதை அப்படியே நோக்கமாக எழுதினால் முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுவதுபோல ஆகிவிடும், அதனால் கேள்வியாக்கி எழுதுங்கள். முடிவெடுக்க எதுவுமே இல்லை, வெறும் தகவல்தான் என்றால் ஸ்லைட்களை மெயிலில் அனுப்பிவிடலாம், கூட்டமே தேவையில்லை.

2. பேசவேண்டியதை மட்டும் பிரித்தெடுங்கள். 3 முதல் 6 வரை பின்னணி, வாசித்தால் போதும். வாடகை ஒப்பீடும் (7–9) லொறிகள் காத்துக் கிடக்கும் நேரமும் (10–12) தான் வாக்குவாதம் வரும் இடங்கள், நேரத்தை அங்கே கொடுங்கள்.

3. தொகுப்பில் இல்லாததைத் தேடுங்கள். தயாரிப்புப் பகுதி இங்கிருந்துதான் வரும். 9ஆம் ஸ்லைட்டில் மாத வாடகை இருக்கிறது, சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு இல்லை. அந்தக் கணக்கு இல்லாமல் கூடினால், 'அதைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை பேசுவோம்' என்று கலைய வேண்டியதுதான். அதைக் கொண்டுவர வேண்டியவர் யார் என்று குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கங்கள் என்று சொல்லாமல் 'அனைவரும் ஸ்லைட்களைப் பார்த்துவிட்டு வரவும்' என்று மட்டும் எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

சரி, இப்போது குறிப்பு:

> அனைவருக்கும் வணக்கம்.
>
> நோக்கம்: களஞ்சியத்தை வத்தளைக்கு மாற்றுவதா, புறக்கோட்டையிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று முடிவெடுப்பது.
>
> நிகழ்ச்சி நிரல் (45 நிமிடம்):
> வாடகையில் உண்மையில் எவ்வளவு மிச்சம்? (ஸ்லைட் 7–9) – 20 நிமிடம்
> வத்தளையிலிருந்து கடைகளுக்கு நேரத்துக்குச் சாமான் போகுமா? (ஸ்லைட் 10–12) – 15 நிமிடம்
> முடிவு (ஸ்லைட் 16) – 10 நிமிடம்
>
> தயாரிப்பு: எல்லோரும் 3–12 வாசித்துவிட்டு வாருங்கள். கணக்குப் பிரிவு: இடமாற்றச் செலவு மதிப்பீடு. விநியோகப் பிரிவு: கடந்த மாத லொறி நேரப் பதிவு.

அனுப்பும் முன், அந்த நாள் போயா தினமா என்று பாருங்கள். அப்புறம், தொகுப்பை பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். லிங்க் மட்டும் கொடுத்தால், தயாரித்தவர் இரவோடு இரவாக நடுவில் ஒரு பக்கத்தைச் செருகிவிடுவார். குறிப்பில் இருக்கும் 9 திரையில் 10 ஆகிவிடும், கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் 'எந்த ஸ்லைட்?' என்று கேட்பதிலேயே போய்விடும்.