ஒரே கம்பெனியில் இரண்டு பேருக்கு மெயில்: எங்கே தப்பாகிறது?

தேயிலைக் கம்பெனிகள் பலவற்றில் ஃபேக்டரி குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கும், ஆள் எடுக்கிற எச்.ஆர். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பார். வேலை என்னவென்று தெரிந்தவர் மலை மேல், விண்ணப்பத்தை வாங்கிப் பதிவு செய்கிறவர் கீழே. வேலை தேடுகிறவருக்கு இரண்டு பேருக்கும் எழுதத் தோன்றுவது இயல்புதான். எழுதலாம், அதில் குற்றமில்லை. எச்.ஆரைத் தாண்டிப் போய்க் காரியம் முடிக்கப் பார்க்கிறார் என்று பேர் வாங்குவது எழுதுகிற விதத்தால்தான்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரி பக்கத்துப் பெண், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஆர்தடாக்ஸ் தேயிலை தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியில் தரக் கட்டுப்பாட்டு வேலை காலியாக இருக்கிறது. கம்பெனியின் வெப்சைட்டில் விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஃபேக்டரி மேனேஜரின் மெயில் முகவரியும் அவரிடம் இருக்கிறது.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்புவது. மேலே பெயர் மட்டும் மாறும். மேனேஜர் அதைப் படித்ததும் செய்யக்கூடிய சுலபமான வேலை, அப்படியே எச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்வதுதான். ‘இவர் எழுதியிருக்கிறார், பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பார், அவ்வளவுதான். எச்.ஆரின் திரையில் அந்தக் கடிதம் இரண்டு தடவை வந்து நிற்கும். ‘உங்கள் நிறுவனத்தில் முதலில் உங்களைத்தான் தொடர்பு கொள்கிறேன்’ என்று இரண்டிலும் எழுதியிருந்தால் முடிந்தது கதை. ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு கடிதங்களும் ஒரே மேசைக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

பி.சி.சி.யில் போட்டு மறைப்பது இன்னும் மோசம். எச்.ஆருக்கு அனுப்பும் மெயிலில் மேனேஜரை ஒளித்து வைத்தால், மேனேஜர் தெரியாமல் ‘ரிப்ளை ஆல்’ அழுத்திவிடலாம். ஒளித்து வைத்தது அங்கேயே வெளிப்பட்டுவிடும். அதற்குப் பதில் சி.சி.யில் வெளிப்படையாகப் போடலாமே என்றால், முதல் கடிதத்தில் அதுவும் வேண்டாம். ‘ஃபேக்டரி மேனேஜரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று எச்.ஆருக்குப் படும்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் வெப்சைட்டில் முறைப்படி விண்ணப்பம் போட வேண்டும். பல கம்பெனிகளில் உடனே ஒரு அப்ளிகேஷன் நம்பர் வரும். மேனேஜருக்கு எழுதுவது அதற்கு அப்புறம்தான். வரிசை மாறினால் என்ன ஆகும்? மேனேஜரிடம் ரெஸ்யூம் முதலில் போய், அவர் அதை எச்.ஆருக்கு அனுப்பினால், விண்ணப்பம் அவர் சிபாரிசில் வந்ததாகப் பதிவாகலாம். பிறகு நீங்களே வெப்சைட்டில் போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. எது சரி என்று எச்.ஆர். விசாரிக்க வேண்டி வரும். உங்களைப் பற்றி அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகிவிடும்.

நம்ம பெண் மேனேஜருக்கு எழுதியது இப்படி இருக்கலாம். மெயில் ஆங்கிலத்தில் போனாலும் விஷயம் இதுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு உங்கள் கம்பெனி வெப்சைட்டில் நேற்று விண்ணப்பித்துள்ளேன். அப்ளிகேஷன் நம்பர் கீழே உள்ளது. தேர்வு எச்.ஆர். வழியாகவே நடக்கும் என்று தெரியும். அது பற்றி எதுவும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. வடகிழக்குப் பருவமழையில் இலை நனைந்து வரும் நாட்களில், வாட்டம் போதுமா என்று பார்ப்பது தரக் கட்டுப்பாட்டு ஆளின் பொறுப்பா, ஷிஃப்ட் சூப்பர்வைசரின் பொறுப்பா? படிக்கும்போது ஈரப்பதம் அளந்து பழக்கம் உண்டு. ஃபேக்டரியில் கையால் பிடித்துப் பார்த்தே சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரமிருந்தால் பதில் போதும்.”

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வி. ஆர்தடாக்ஸ் தேயிலையில் இலை பல மணி நேரம் வாடிய பிறகுதான் உருட்டலுக்குப் போகும். மேல் ஈரத்தோடு வந்த இலை சரியாக வாடாமல் உருளைக்குப் போனால் சாறு வடிந்து தரம் கெடும். ஃபேக்டரியில் நிற்கிறவருக்குத்தான் இதற்குப் பதில் தெரியும், எச்.ஆருக்குத் தெரியாது. அதனால் இவருக்கு ஏன் எழுதினாய் என்று யாரும் கேட்க முடியாது. ‘சம்பளம் எவ்வளவு, இன்டர்வியூ எப்போது, ரெஸ்யூமைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று கேட்டிருந்தால் அது எச்.ஆரின் வேலையை வேறு ஆளிடம் கொடுப்பது. ரெஸ்யூமையும் அட்டாச் செய்யவில்லை பாருங்கள். செய்தால் கேள்வி வெறும் சாக்காகிவிடும்.

மேனேஜர் நல்லவர், பதில் போட்டார்: ‘நல்ல கேள்வி, ஒரு நாள் ஃபேக்டரிக்கு வாருங்கள்.’ இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உடனே எச்.ஆருக்கு, ‘மேனேஜர் வரச் சொல்லிவிட்டார், தேதி கொடுங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்க்கத்தான் கூப்பிட்டார். அதை இன்டர்வியூவாக மாற்றினால் மேனேஜருக்கும் தர்மசங்கடம், எச்.ஆருக்கும் கோபம். எச்.ஆருக்கு இப்படிச் சொன்னால் போதும்: “என் விண்ணப்ப நம்பர் இது. வேலை பற்றிய ஒரு சந்தேகத்தை ஃபேக்டரி மேனேஜரிடம் மெயிலில் கேட்டேன். ஃபேக்டரியைப் பார்க்க வரலாம் என்றார். தேர்வு நடக்கும் நேரத்தில் போவதில் ஆட்சேபம் இல்லையென்றால் மட்டும் போகிறேன்.” வேண்டாம் என்று சொன்னால் மேனேஜருக்கு நன்றி சொல்லி, தேர்வு முடிந்த பிறகு வருகிறேன் என்று எழுதிவிடலாம். அவர் தப்பாக நினைக்க மாட்டார்.

மலையில் இன்னொன்று உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. இங்கே பல வீடுகளில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேயிலை இருக்கும், பச்சை இலையை ஏதாவது ஒரு ஃபேக்டரிக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணின் அப்பா இதே ஃபேக்டரிக்கு இலை கொடுக்கிறார் என்று வையுங்கள். ‘ஐயா, நாங்கள் ரொம்ப வருஷமாக உங்களுக்குத்தான் இலை கொடுக்கிறோம்’ என்று மேனேஜருக்கு எழுதினால் பாசமாகத் தோன்றும், ஆனால் அது சிபாரிசு கேட்பதுதான். தரக் கட்டுப்பாட்டில் உட்காருகிறவர் வரும் இலையைத் தரம் பார்க்க வேண்டியிருக்கலாம். அதில் அப்பாவின் இலையும் இருக்கும். இதை எச்.ஆரிடம், விண்ணப்பத்திலேயே, ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மேனேஜரிடம் அதைப் பேச்சாக்கக் கூடாது. பஸ்ஸில் பார்க்கும் பெரியப்பா ‘நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்’ என்றாலும் வேண்டாம் பெரியப்பா என்று சொல்லிவிடுவது நல்லது. (கேட்க மாட்டார், அது வேறு.)

பதில் வராமல் இரண்டு வாரம் ஓடினால் நினைவூட்டல் எச்.ஆருக்கு மட்டும் போக வேண்டும், பழைய மெயிலுக்கே ரிப்ளையாக. மேனேஜருக்கு இரண்டாவது மெயில் போடுவதென்றால், அவர் சொன்ன பதிலுக்கு நன்றி சொல்ல மட்டுமே.

கன்சல்டன்சி வழியாக விண்ணப்பம் போயிருந்தால் இதெல்லாம் பொருந்தாது. ஏஜென்ட்டுக்குக் கம்பெனி கட்டணம் கொடுப்பதாக இருக்கும். நீங்கள் நேரடியாக மேனேஜருக்கு எழுதினால், ஆளைக் கொண்டுவந்தது யார் என்ற தகராறு கிளம்பி விண்ணப்பமே நின்றுபோகலாம். அப்போது ஏஜென்ட்டைக் கேட்காமல் யாருக்கும் எழுத வேண்டாம். விளம்பரத்திலேயே ‘நேரடித் தொடர்பு கூடாது’ என்று போட்டிருந்தால் மேனேஜருக்கான கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, இன்டர்வியூவில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்களே, அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.