திரைப்பதிவுப் பாடம்: சுட்டி, குரல், குறிப்புப்பெட்டி மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கணக்கு எழுதுபவர்களுக்காக, லிப்ரே ஆபிஸ் கால்க் தாளில் வஞ்சிர மீனின் வரவை மட்டும் பிரித்துப் பார்க்கும் முறையை ஒரு சிறு திரைப்பதிவாகச் செய்து கொடுத்தேன். அந்தப் பதிவுக்காக எழுதிய திட்டத்தையே இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். திரையைப் பதியும் OBS Studio, குரலைப் பதியும் Audacity, காட்சியையும் ஒலியையும் இணைக்கும் Kdenlive ஆகிய மூன்றும் உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்கட்டும்.

1. திட்டத்தை எழுதுதல்

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தினர் அட்டவணையில் காட்சிக்கு ஒரு நெடுவரிசை, குரலுக்கு ஒரு நெடுவரிசை என்று எழுதுகிறார்கள். திரையில் ஓரிரு சொற்களில் விளக்கம் காட்டும் குறிப்புப்பெட்டி எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்பதற்கு நான் மூன்றாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்கிறேன்.

| குரல் | சுட்டி | குறிப்புப்பெட்டி |
|---|---|---|
| மேலே மெனு வரிசையில் Data என்பதைச் சொடுக்குங்கள். | “மெனு வரிசையில்” எனும்போது நகரும். Data மீது நிற்கும். வாக்கியம் முடிந்து அரை நொடி கழித்துச் சொடுக்கும் | Data எனும்போது தோன்றும். சொடுக்குவதற்குச் சற்று முன் மறையும் |
| விரியும் பட்டியலில் AutoFilter என்பதைத் தேர்ந்தெடுங்கள். | “பட்டியலில்” எனும்போது கீழே இறங்கும். வாக்கியம் முடிந்ததும் சொடுக்கும் | வேண்டாம் |
| “மீன்” என்ற தலைப்பின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்குங்கள். | “ஓரத்தில்” எனும்போது அம்புக்குறியை அடையும் | வலப்பக்கம் தோன்றும்; சொடுக்கும் முன் மறையும் |

2. சொடுக்கும் நொடியைத் தீர்மானித்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். தமிழ் வாக்கியத்தில் இடம் முதலில் வருகிறது, பொருளின் பெயர் அடுத்து வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில்தான் வருகிறது. ஆகவே இடத்தைச் சொல்லும்போது சுட்டி புறப்பட வேண்டும். பெயரைச் சொல்லும்போது அதன்மீது அசையாமல் நிற்க வேண்டும். “சொடுக்குங்கள்” என்பது முழுதாக ஒலித்த பிறகே சொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னால் வருவதால், ஆங்கிலப் பாடத்தின் நேரக்குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் தமிழில் மாற்றினால், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பட்டியல் விரிந்துவிடும். பார்ப்பவரின் கண் புதிதாக விரிந்த பட்டியலுக்குப் போய்விடுவதால், எதைச் சொடுக்கினோம் என்பது அவர் காதில் விழுந்தும் மனத்தில் பதியாது.

குறிப்புப்பெட்டியில் இரண்டு மூன்று சொற்களே இருந்தாலும், அது குறைந்தது இரண்டு நொடிகளாவது திரையில் நிற்க வேண்டும். Data மெனுவுக்கான பெட்டியை அதன் கீழே வைத்தால் விரியும் பட்டியலை அது மறைத்துவிடும் என்பதால்தான், சொடுக்குவதற்கு முன்பே அதை நீக்கச் சொல்கிறேன்.

3. குரலை முதலில் பதிதல்

திரையையும் குரலையும் ஒரே சமயத்தில் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் Audacity-யில் குரலை மட்டும் பதிந்துவிட்டு, அதை ஓடவிட்டு, தேவையான இடங்களில் `Ctrl+M` அழுத்திக் குறியிடுங்கள். கை எப்போதும் சற்றுத் தாமதமாகவே அழுத்தும். அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு குறியையும் சரியான இடத்துக்கு இழுத்து வையுங்கள். குறிகளை ஏற்றுமதி செய்தால், நொடிக்கணக்குடன் ஓர் உரைக்கோப்பு கிடைக்கும்:

```
12.400000	12.400000	நகர்
13.600000	13.600000	பெட்டி
15.900000	15.900000	சொடுக்கு
```

இங்கே வாக்கியம் 15.4-ஆவது நொடியில் முடிகிறது. அரை நொடி விட்டுச் சொடுக்கு. பெட்டி 13.6-இல் தோன்றி 15.7-இல் மறைந்தால் இரண்டு நொடி கிடைத்துவிடுகிறது.

4. திரையைப் பதிந்து இணைத்தல்

குரலை ஓடவிட்டு, அதைக் கேட்டபடியே செயல்களைச் செய்து OBS-இல் பதியுங்கள். கணினியின் ஒலியும் சேர்ந்து பதிவாகட்டும். Kdenlive-இல் அந்த ஒலியின் அலைவடிவத்தையும் மூலக் குரலின் அலைவடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்திய பின், OBS பதிந்த ஒலியை நீக்கிவிடலாம். சுட்டி முந்திக்கொண்ட இடங்களில், அது அசையாமல் நிற்கும் ஒரு படத்தைப் பிடித்து நீட்டுங்கள். காட்சியின் வேகத்தைக் குறைத்தால் சுட்டி இழுபடுவது போலத் தெரியும்.

முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சுட்டி ஓரிடத்திலிருந்து தாவிப் போய்ச் சொடுக்குவது போலத் தோன்றினால், “நகர்” குறி தாமதமாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

பின்சேர்க்கை: கடலூரிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், விண்டோஸ் கணினியில் தாம் பதிந்த காட்சியில் சுட்டி சொடுக்குகிறது, ஆனால் பட்டியல் விரிவதே தெரியவில்லை என்று கேட்டிருந்தார். அவர் OBS-இல் Window Capture-ஐத் தேர்ந்திருந்தார். பல மென்பொருள்களில் விரியும் பட்டியல் தனிச் சாளரமாகவே உருவாவதால், முதன்மைச் சாளரத்தை மட்டும் பிடிக்கும் அந்த முறையில் அது பதிவாகாமல் போகலாம். Display Capture-ஐத் தேர்ந்தெடுத்து, Capture Cursor பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பதிந்தால் பட்டியலும் சுட்டியும் சேர்ந்து வரும். திரை முழுதும் பதிவாகும் என்பதால், அறிவிப்புகளை முன்பே நிறுத்தி வையுங்கள்.