முதல் போர்டில் யாரை உட்கார வைக்கலாம்?

அணிகள் மோதும் செஸ் போட்டியில் எதிரணியின் போர்டு வரிசை, அதாவது எந்த போர்டில் யார் ஆடுவார் என்பது, முன்பே தெரிந்தால், ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து எதிர்பார்க்கும் புள்ளியைச் சொல்லும் எலோ கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர்களின் முதல் இருவர் 2100, 1500 ரேட்டிங். நம்மவர்கள் 1700, 1400 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வரிசையில் 1700 ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் புள்ளி வெறும் 0.09, 1400-க்கு 0.36; கூட்டினால் 0.45. இருவரையும் இடம் மாற்றினால் நம் பலசாலிக்கு 0.76, சின்னவருக்கு 0.02, மொத்தம் 0.78. (அந்தச் சின்னப்பிள்ளையிடம் விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள், பாவம்.)

எதிரணி 1500, 1100 என்றால் கதை தலைகீழ். மாற்றாவிட்டால் 1.61, மாற்றினால் 1.33தான். பல போட்டிகளில் முதல் சுற்றுக்கு முன் கொடுத்த வரிசையைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். சிலவற்றில் ரேட்டிங் வரிசையே கட்டாயம். விதியைப் படித்துவிட்டே பெயர்ப்பட்டியலைக் கொடுங்கள்.