சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள்

கடலூர்க்காரர்களில் பலருக்குப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, முள்ளோடை எல்லையைக் கடந்து பெட்ரோல் போடும் வழக்கம் உண்டு. புதுச்சேரியில் விலை சற்றுக் குறைவு என்பதுதான் காரணம். போன இடத்தில் அப்படியே காற்றும் பார்த்துவிடுகிறார்கள். தவறு நடப்பது அங்கேதான்.

காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயரின் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது குளிர்ந்த டயருக்கான அளவு. அதாவது, வண்டி சில மணி நேரமாவது நிழலில் ஓடாமல் நின்றிருக்க வேண்டும். காலையில் 28 டிகிரியில் சரியாக 32 இருந்த டயர், நண்பகல் வெயிலில் கொதிக்கும் சாலையில் ஓடி 48 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே காற்று விரிய முயன்று அழுத்தம் 35 ஆகிவிடும். புதிதாக யாரும் காற்று அடைக்கவில்லை, சூடுதான் ஏற்றியது. ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்பது கணக்கு.

பங்க்கில் இருப்பவர் "எவ்வளவு சார்?" என்று கேட்கிறார். நாம் "32" என்கிறோம். அவர் இயந்திரத்தில் 32 வைக்கிறார். அது 35-இலிருந்து காற்றை இறக்கிவிட்டு 'பீப்' என்கிறது. வேலை சுத்தமாக முடிந்தது போலத்தான் தெரியும். மறுநாள் காலையில் அதே டயரை அளந்தால் 29-தான் இருக்கும். மாதந்தோறும் இப்படியே செய்பவர், ஒழுங்காகக் காற்று பார்க்கிறோம் என்ற நிம்மதியோடு எப்போதும் குறைந்த காற்றில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மைலேஜில் எவ்வளவு நட்டம்? பலரும் இதை ஊதிப் பெருக்குகிறார்கள். நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மூன்று குறைந்தால் 0.6 சதவீதம், 30 லிட்டருக்கு 180 மில்லி. எல்லை தாண்டி மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு இப்படிப் போகிறது, அவ்வளவுதான்.

பெரிய கவலை பாதுகாப்புதான். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலே சூட்டைக் கிளப்புகிறது. 29-லேயே டயர் வெடித்துவிடாது. ஆனால் அதில் ஒரு சிறு ஆணி ஏறி மெல்லக் கசிந்து 22-க்கு வந்த நிலையில், குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போனால், உள்ளே ரப்பரும் கம்பி அடுக்கும் பிரியத் தொடங்கலாம். ரேடியல் டயர் இயல்பாகவே அடியில் சற்றுப் பிதுங்கி நிற்கும் என்பதால், கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ இந்தக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. பல மாதம் இப்படி ஓடிய டயரில் இரு ஓரங்களும் நடுப்பகுதியைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். ஆனால் அது தெரியும்போது டயர் பாதி போயிருக்கும்.

எனவே காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், வெயில் படுவதற்குள் அளக்க வேண்டும். வெயில் படும் பக்கத்து டயர் மட்டும் கூடுதலாகக் காட்டும். வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்துங்கள். 'உஸ்' சத்தம் நின்றால்தான் எண் நம்பத்தக்கது. இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெரிய எண்ணைப் பின்பற்ற வேண்டாம். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி எண் இருந்தால், ஆளேற்றிப் போகும் நாளில் அதை வையுங்கள்.

வீட்டில் காற்று அடிக்கும் பம்ப் இல்லையென்றால் என்ன செய்வது? காலையில் 29 காட்டுகிறது, தேவை 32, குறைவு மூன்று. பங்க்குக்குப் போனதும் உங்கள் கேஜால் மறுபடி அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் 31 காட்டினால் இயந்திரத்தில் 34 வைக்கச் சொல்லுங்கள். காலையில் கண்ட குறைவை அப்போது காட்டும் எண்ணோடு கூட்டினால் போதும். 34 கூடாது என்று பங்க்கில் யாராவது தயங்கினால், காலையில் அளந்ததைச் சொல்லுங்கள். இயந்திரத்துக்கும் உங்கள் கேஜுக்கும் ஓரிரு எண் வேறுபாடு இருக்கலாம் என்பதால், மறுநாள் காலையில் ஒரு முறை சரிபாருங்கள்.

நைட்ரஜன் நிரப்பினாலும் இதே கணக்குதான். அதுவும் சூட்டில் ஏறும், குளிரில் இறங்கும். நான்கில் ஒரு டயர் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால், காற்று அடித்துச் சமாளிக்காமல் வால்வில் சோப்புத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். குமிழி வராவிட்டால் பங்க்சர் கடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்டெப்னியையும் அன்றே அளந்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் காற்று மிகவும் குறைந்து கிடப்பது அதுதான்.