சவுக்கு போட்டாச்சு, இனி கடல் வராது என்று நம்பாதீர்கள்

புயல் கரையைத் தொடும்போது அடிப்பது ஒரே பொருள் இல்லை, மூன்று. காற்று ஒன்று. அலை ஒன்று. மூன்றாவது கடல் எழுச்சி, அதாவது காற்று கரையை நோக்கித் தள்ளிக் குவிக்கிற தண்ணீர் மொத்தமாக மட்டம் உயர்ந்து ஊருக்குள் நடந்து வருவது. புயலைத் தடுக்கக் கரையோரம் மரம் வைக்கும்போது, எந்த மரம் இதில் எதைத் தடுக்கும் என்று பார்க்காமல் நடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

மணலில் வரிசையாக நிற்கும் சவுக்கு காற்றுக்கானது. அதன் பின்னால், மரத்தின் உயரத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் நன்றாகக் குறையும். 12 மீட்டர் மரம் என்றால் 120 முதல் 180 மீட்டர் வரை. ஆனால் எழுச்சி நீருக்கு அது கிட்டத்தட்ட திறந்த வாசல், தூண்களுக்கு நடுவே தண்ணீர் போவதுபோல் போய்விடும். இதைவிட மோசம், சவுக்கு நடுவதற்காக மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்துவது. அந்த மேடுதான் எழுச்சியைத் தடுத்துக்கொண்டிருந்தது!

காற்றுக்கே என்றாலும் சுவர்போல நெருக்கமாக நடக்கூடாது. பாதிக் காற்று ஊடுருவிப் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஏறிய காற்று சுழன்று பின்பக்கமே வந்து விழும். நடுவில் பாதைக்காக நேராக இடைவெளி விட்டால் அந்த வழியில் காற்று இன்னும் வேகமாகப் பாயும், அதனால் பாதையைச் சாய்வாக வெட்டுங்கள். அடிக்கிளைகளை விறகுக்குக் கழித்துவிட்டாலும் இதே கதைதான், கீழே காற்று பீறிட்டு மணலை அள்ளிக்கொண்டு வரும்.

சரி, ஓதநீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் அலையாத்திக்கு வருவோம். இங்கே நடக்கும் தவறு வேறு மாதிரி: அலையையும் எழுச்சியையும் ஒன்றாக நினைப்பது. அலையை 100 மீட்டர் காடே 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள், ஆனால் எழுச்சியின் மட்டமோ ஒரு கிலோமீட்டர் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுச்சி 3 மீட்டர், அதன்மேல் 1 மீட்டர் அலை, முன்னால் 300 மீட்டர் அகலக் காடு. மட்டம் அதிகம் போனால் 15 சென்டிமீட்டர் குறையும், 2.85 மீட்டர் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அலையோ 100 மீட்டருக்கு 40 விழுக்காடு வீதம் தேய்ந்தால் 20 சென்டிமீட்டர் சில்லறை அலையாகிவிடும். இப்போது காட்டுக்குப் பின்னால் 3.3 மீட்டர் உயரத்தில் ஒரு மண்கரை இருக்கிறது என்று வையுங்கள். காடு இல்லாவிட்டால் அலை அதன் தலையைத் தாண்டிக் குதித்து மண்ணை அரித்து உடைக்கும். காடு இருந்தால் அதே கரை தாங்கிவிடும். ஆக, காடு வந்துவிட்டது என்று கரையைப் பராமரிக்காமல் விடுவது தப்பு, கரை கட்டியாச்சு என்று காட்டை வெட்டுவதும் தப்பு.

இந்த எண்களும் எல்லாப் புயலுக்கும் பொருந்தாது. மெதுவாக நகரும் புயலில் தண்ணீருக்கு உள்ளே நிரம்ப நேரம் கிடைத்துவிடும். காட்டுக்குள் ஓடும் அகலமான கால்வாய் வழியாகவும் எழுச்சி தடையில்லாமல் ஏறும். 1999 ஒடிசா புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில், முன்னால் அகலமான அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் சாவு குறைவு. ஆனால் அங்கேயும் முன்னெச்சரிக்கை கொடுத்து ஆட்களை வெளியேற்றியது காட்டைவிட அதிக உயிரைக் காப்பாற்றியது. காட்டை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, நடும் இடம். பணம் அதிகம் வீணாவது இதில்தான். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் நீளமான விதைக்குச்சியைச் சேறு எங்கே கண்டாலும் குத்திவிடலாம் என்பதால், யாருக்கும் தகராறில்லாத கடலோரச் சேற்றுத்திட்டில் ஆயிரக்கணக்கில் குத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சராசரி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடம், நாளின் பெரும்பகுதி முங்கியே கிடக்கும், அங்கே நாற்றுக்கு மூச்சு முட்டும். இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நட்ட 23 இடங்களை ஆராய்ந்தபோது ஒன்பதில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. நடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் அலையாத்தி இருந்தும் இங்கே மட்டும் தானாக ஏன் முளைக்கவில்லை? பழைய கரையோ சாலையோ ஓதநீரை மறித்திருந்தால் அதில் வாய்க்கால் வெட்டித் திறந்துவிட்டாலே போதும், பல இடங்களில் விதை தானே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? சில மாதம் கழித்துத் தண்டைப் பாருங்கள். படகின் அடியில் ஒட்டும் கொட்டலசு தண்டைச் சுற்றி மொய்த்திருந்தால் இடம் மிகத் தாழ்வு, அங்கே செத்த செடிக்கு மாற்றுச் செடி வைக்காதீர்கள்.